பக்கேட்டா என்றொரு கம்பெனி கிடையாது

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் சென்ற மாதம் ஒரு பழைய கைக்கடிகாரத்துக்கு "டூப்ளிகேட்" என்று பட்டம் கட்டிவிட்டார்கள். அந்த வீட்டுப் பெரியவர் பொதுத்துறை ஆலையொன்றில் வேலை பார்த்தவர். 1978 வாக்கில் சோவியத் நாட்டுக்குப் பயிற்சிக்குப் போய்த் திரும்பும்போது வாங்கி வந்த கடிகாரம் அது. அவர் காலமாகி ஆறு வருடம் ஆகிறது. அலமாரியைக் காலி செய்யும்போது அகப்பட்டதை அவருடைய மகன் போனில் படம் எடுத்துப் பார்த்திருக்கிறார். படத்தில் உள்ள எழுத்தைப் படித்துச் சொல்லும் வசதி இப்போது எல்லாப் போனிலும் இருக்கிறதே, அது PAKETA என்று படித்தது. தேடிப் பார்த்ததில் ரஷ்யக் கடிகாரம் செய்யும் நிறுவனத்தின் பெயர் RAKETA என்று தெரிந்திருக்கிறது. முதல் எழுத்தே தப்பு, ஆகவே இது போலி என்று அவர் முடிவு கட்டிவிட்டார். அடியில் பொடியாக இருந்த வரியைப் போன் CAENAHO B CCCP என்று படித்தது அந்த முடிவுக்கு இன்னும் பலம் சேர்த்துவிட்டது.

"எங்கப்பாவை எவனோ நல்லா ஏமாத்திட்டானுங்க சார். இருநூறு ரூபாய்க்குக் கேக்கறாங்க, குடுத்துடலாம்னு இருக்கேன்" என்றார்.

அந்தக் கடிகாரத்தில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. முகப்பில் இருந்தது ரஷ்ய எழுத்தில் РАКЕТА. வாசித்தால் ரக்கேத்தா, ராக்கெட் என்று பொருள். நம் கண்ணும் போனும் அதை இங்கிலீஷ் எழுத்தாக எடுத்துக்கொண்டதால் பக்கேட்டா ஆகிவிட்டது.

இந்த விஷயம் எனக்குத் தெரிந்தது பள்ளிக்கூடத்தில். நான் படித்தது காரைக்காலில், பிரெஞ்சு மீடியம். 1961 ஏப்ரல் 12-ஆம் தேதி ககாரின் விண்வெளிக்குப் போய் வந்தபோது எனக்குப் பதினோரு வயது இருக்கும். ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையில் அவர் படத்தைப் போட்டிருந்தார்கள். தலைக்கவசத்தில் CCCP என்று பெரிய எழுத்து. எங்கள் பாடப்புத்தகத்தில் அந்த நாட்டுக்கு U.R.S.S. என்று இருக்கும், இங்கிலீஷ் பேப்பரில் U.S.S.R. என்று வரும். இது என்ன மூன்றாவதாக ஒரு "சே சே சே பே" என்று வகுப்பில் ஒரே சிரிப்பு. முசியே கரும்பலகையில் நான்கு எழுத்தையும் எழுதி, அவர்கள் ஊரில் C என்றால் "ஸ்", P என்றால் "ர்", ஆகவே இது எஸ் எஸ் எஸ் ஆர் என்று விளக்கினார். சோவியத் சோஷலிசக் குடியரசுகளின் ஒன்றியம் என்பதை ரஷ்ய மொழியில் சொன்னால் முதலெழுத்துகள் அந்த வரிசையில் வரும். அந்த எழுத்துகளைப் புறப்படும் நாளில் அவசரமாகக் கையால் எழுதினார்கள் என்று சொல்வதுண்டு. அதற்கு முந்தின வருடம் ஒரு அமெரிக்க உளவு விமானம் அங்கே சுட்டு வீழ்த்தப்பட்டிருந்தது. ககாரின் இறங்கும் இடத்தில் கிராமத்தார் அவரையும் உளவாளி என்று எண்ணிவிடக் கூடாது என்பது காரணமாம்.

ரஷ்ய எழுத்துக்குச் சிரிலிக் என்று பெயர். இங்கிலீஷும் பிரெஞ்சும் எழுதப்படுவது லத்தீன் எழுத்து. சிரிலிக் பெரிய எழுத்துகளில் பன்னிரண்டு, பார்வைக்கு லத்தீன் எழுத்து போலவே இருக்கும். அவை А, В, Е, К, М, Н, О, Р, С, Т, У, Х. இவற்றில் А, Е, К, М, О, Т ஆறும் நல்ல பிள்ளைகள். உருவமும் ஒலியும் ஏறக்குறைய ஒன்றே. மற்ற ஆறும்தான் கண்ணைக் கட்டுகிறவை. В என்பது "வ்". Н என்பது "ந்". Р என்பது "ர்". С என்பது "ஸ்". У என்பது "உ". Х என்பது தொண்டையில் உரசி வரும் "ஹ்". இந்த ஆறையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டாலே போதும், பாதி வேலை முடிந்தது.

ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்டால், இரண்டும் கிரேக்க எழுத்தின் பிள்ளைகள். ஆனால் வெவ்வேறு காலத்தில் பிறந்தவை. ரோமர்கள் வாங்கிக்கொண்டது மிகப் பழைய கிரேக்க எழுத்தை, அதுவும் நேரே அல்ல, எத்ருஸ்கர் என்ற இத்தாலிய மக்கள் வழியாக. சிரிலிக் உருவானது 9, 10-ஆம் நூற்றாண்டுகளில், பல்கேரிய நாட்டில், சிரில் என்ற துறவியின் சீடர் பரம்பரையில். நடுவில் ஆயிரம் வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. அதற்குள் கிரேக்கர்களின் உச்சரிப்பும் கையெழுத்தும் மாறிவிட்டன. பழைய "ப்" ஒலி தேய்ந்து "வ்" ஆகியிருந்தது. அதனால் В எழுத்து அங்கே "வ்" ஆயிற்று, "ப்" ஒலிக்கு Б என்று புதிதாக ஒன்று வேண்டியதாயிற்று. "ஸ்" எழுத்தைக் கிரேக்கர்கள் அந்நாளில் பிறை மாதிரி வளைத்து எழுதினார்கள், அதுவே С. கிரேக்கரின் "ர்" P வடிவம்தான். ரோமர்கள் தங்கள் "ப்" எழுத்தையும் அதே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டதால், குழப்பம் தீர "ர்"-க்கு ஒரு காலை நீட்டி R ஆக்கினார்கள். ஆக, இந்தக் குழப்பத்துக்கு ரஷ்யர் மேல் பழி போட முடியாது.

எல்லாவற்றிலும் வேடிக்கை Н. ஆதியில் சிரிலிக்கிலும் "ந்" ஒலிக்கு N வடிவம்தான் இருந்தது. "இ" ஒலிக்கு H வடிவம். கையால் எழுதி எழுதி, நூற்றாண்டுக் கணக்கில் அந்த நடுக்கோடுகள் சாய்ந்தன. N-இன் சாய்கோடு படுத்து Н ஆயிற்று. H-இன் படுகோடு எழுந்து И ஆயிற்று. இரண்டு எழுத்தும் சட்டை மாற்றிப் போட்டுக்கொண்ட மாதிரி. இன்று நாம் И-ஐப் பார்த்துத் தலைகீழ் N என்கிறோம்.

இத்தனைக்குப் பிறகும் ரஷ்ய அச்சு எழுத்து பார்வைக்கு லத்தீனிலிருந்து எட்டத்தில்தான் இருந்தது. தடித்த, கொக்கி வைத்த, தலைமேல் பல குறிகள் ஏற்றிய தேவாலய எழுத்து அது. அதை மழித்து வழித்து ஐரோப்பிய எழுத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தவர் மகா பீட்டர். ஆம்ஸ்டர்டாமில் எழுத்து வெட்டச் சொல்லி, மாஸ்கோ அச்சகத்திலும் வெட்ட வைத்து, 1708-இல் முதல் புத்தகத்தை அச்சிட்டார். அது சாமி புத்தகம் அல்ல; ஜியோமிதிப் புத்தகம், நிலம் அளப்பது பற்றியது. 1710 ஜனவரியில் எழுத்துப் பட்டியலைத் தாமே வைத்துக்கொண்டு, வேண்டாத வடிவங்களை மையால் அடித்துவிட்டு, வரலாற்றுப் புத்தகங்களும் தொழில் சம்பந்தமான புத்தகங்களும் இனி இந்த எழுத்தில்தான் அச்சாக வேண்டும் என்று உத்தரவு எழுதினார். தேவாலயத்துக்குப் பழைய எழுத்தே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். கோப்பில் அரசரே பச்சை மையால் குறிப்பு எழுதின மாதிரி என்று எனக்குத் தோன்றும். முப்பது வருடம் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு வேறு எப்படித் தோன்றும்?

அதே பீட்டர் 1721-இல் பீட்டர்ஹோஃப் என்ற தம் அரண்மனை ஊரில் கல் பட்டை தீட்டும் ஆலை ஒன்றை வைத்தார். அந்த ஊருக்கு 1944-இல் பெத்ரத்வரியெத்ஸ் என்று பெயர் மாறியது. ஆலையும் போருக்குப் பிறகு கைக்கடிகார ஆலையாக மாறியது. ககாரின் பறந்ததைக் கொண்டாடி அங்கே செய்த கடிகாரத்துக்கு வைத்த பெயர்தான் ரக்கேத்தா. நம் தெருப் பையனைத் திகைக்க வைத்த அந்த முதல் எழுத்தும், அது பதிந்த கடிகாரத்தின் ஆலையும் ஒரே மனிதர் கைவைத்தவை.

இனி அந்தக் கடிகாரத்துக்கு வருவோம். முகப்பின் அடியில், ஆறு மணிக்கு இரு புறமும், СДЕЛАНО В СССР என்று இருந்தது. "ஸ்தேலானோ வ் எஸ்எஸ்எஸ்ஆர்", அதாவது சோவியத் ஒன்றியத்தில் செய்தது. போன் இதை எப்படிக் கெடுத்தது பாருங்கள். Д என்ற எழுத்துக்கு அடியில் இரண்டு குட்டிக் கால்கள் உண்டு. பூதக்கண்ணாடி இல்லாமல் தெரியாத அளவு எழுத்தில், கண்ணாடி மேல் டியூப்லைட் வெளிச்சம் வேறு விழுந்தால், அந்தக் கால்கள் மறைந்து A ஆகிவிடும். Л என்பது வளைந்த கூரை மாதிரி இருக்கும் "ல்"; அதை N என்று ஊகித்துவிட்டது. மற்றவை உருவ ஒற்றுமையால் அப்படியே லத்தீனாக வந்துவிட்டன. போனுக்கு இங்கிலீஷ் மட்டும் படிக்கச் சொல்லியிருந்தால், கண்ட உருவத்தை எல்லாம் இங்கிலீஷ் எழுத்துக்குள் திணித்துத்தான் தரும். அதே படத்தை ரஷ்ய மொழி என்று மாற்றிக் காட்டியதும் சரியாகப் படித்தது.

நடுவில் இன்னொரு வரி, 17 КАМНЕЙ. போன் இதை 17 KAMHEN என்றது. КАМНЕЙ என்றால் கற்கள். தேய்மானம் வராமல் இருக்க அச்சு சுழலும் இடங்களில் சிவப்புக் கல் பதிப்பார்கள் அல்லவா, அதன் எண்ணிக்கை. இங்கிலீஷ்காரன் "ஜுவல்ஸ்" என்கிறான். நம் ரிப்பேர்காரர்கள் "பதினேழு கல்லு" என்பார்கள், ரஷ்யர் சொல்வதும் அதுவே.

பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் கடிகாரம் பார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோய் முதுகு மூடியைத் திறக்கச் சொன்னோம். உள்ளே இயந்திரத்தில் 2609.НА என்று வெட்டியிருந்தது. அது பெத்ரத்வரியெத்ஸ் ஆலையின் இயந்திர எண். இதிலும் ஒரு கூத்து: கடைசி இரண்டு எழுத்தை உலகம் முழுக்க விற்பவர்களும் வாங்குபவர்களும் "எச் ஏ" என்கிறார்கள். அது "ந அ". முகப்பை மாற்றி ஒட்டலாம், டப்பாவை மாற்றலாம். ஆகவே முகப்பு எழுத்து சரியாக இருப்பதை மட்டும் நம்பாமல், உள்ளே இருக்கும் எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதே முறை. இங்கே ஒத்துப்போனது. பழைய எண்ணெய் பசையாகி நின்றிருந்ததே தவிர, வேறு கோளாறு இல்லை. கழுவி எண்ணெய் விட்டதும் ஓட ஆரம்பித்தது.

இன்னொன்றும் அந்த எழுத்து சொன்னது. வெளிநாட்டுக்கு என்று செய்த கடிகாரங்களில் பெரும்பாலும் லத்தீன் எழுத்தில் RAKETA என்றும் MADE IN USSR என்றும் போடுவார்கள். பிரிட்டனில் விற்ற சோவியத் கடிகாரங்கள் பலவற்றுக்குச் செகொண்டா என்று பெயரே வேறு. முழுக்கச் சிரிலிக்கில் இருந்தால் அது உள்ளூர்க்காரர்களுக்கு என்று செய்தது. அநேகமாக அந்த நாட்டுக் கடையில் காசு கொடுத்து வாங்கி, கையோடு கொண்டுவந்தது. எந்த எழுத்தைக் காட்டிப் போலி என்றார்களோ, அதுவே பெரியவர் சொன்ன கதைக்குச் சாட்சியாகிவிட்டது. மகன் ஒன்றும் பேசவில்லை. இரு நாள் கழித்து அவர் கையில் அது இருந்ததைப் பார்த்தேன்.

அந்தக் காலத்தில் சோவியத் சாமான் நம் பக்கத்துக்குப் புதிதல்ல. நெய்வேலி முதல் அனல் மின் நிலையம் அவர்கள் உதவியால் வந்தது. நந்தம்பாக்கத்து அறுவைக் கருவி ஆலையும் அப்படியே. அங்கெல்லாம் போய் வந்தவர்கள் வீட்டில் கடிகாரம் இல்லாவிட்டால் காமிராவாவது இருக்கும். அதனால் அலமாரியைத் துழாவுகிறவர்களுக்குச் சில பெயர்களைச் சொல்லிவைக்கிறேன்.

பன்னிரண்டு எழுத்துக்குள்ளேயே முழுப்பெயரும் அடங்கிவிட்டால்தான் ஆபத்து; சந்தேகப்பட ஒரு அடையாளமும் இருக்காது. ВОСТОК அப்படிப்பட்டது. "பாக்டாக்" என்று படிப்பார்கள். அது வஸ்தோக், கிழக்கு என்று பொருள். ககாரின் போன கலத்துக்கும் அதே பெயர். МОСКВА என்ற மடக்குக் காமிராவை "மாக்பா" என்பார்கள்; அது மாஸ்கோ நகரத்தின் பெயரேதான். СМЕНА என்ற சின்னக் காமிராவை "சிமேஹா" என்பார்கள்; அது ஸ்மேனா. ஆலையில் ஷிப்ட் மாறுவதற்கும், அடுத்து வரும் தலைமுறைக்கும் அந்தச் சொல்லே. அதில் ஒரு ரகம் மட்டுமே இரண்டு கோடிக்கு மேல் செய்தார்கள்.

ஒரே ஒரு வேற்று எழுத்து இருந்தாலும் தப்பிக்கலாம், அது கண்ணில் பட்டால். КИЕВ காமிராவில் И ஒன்றுதான் காட்டிக் கொடுக்கும். ЗЕНИТ-இல் அதே И, கூடவே முதல் எழுத்து. அந்த З, மூன்று என்ற இலக்கம் அல்ல; "ஸ்" ஒலியின் அதிர்ந்த வடிவம், இங்கிலீஷில் Z. போன் அதை 3 என்று எண்ணாகவே எடுத்துக்கொள்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இன்னும் கஷ்டம் கையெழுத்து வடிவில் பெயர் பொறித்திருந்தால். சாய்வெழுத்தில் и என்பது u போலவும் т என்பது m போலவும் மாறிவிடும். ஸோர்க்கி என்ற காமிராவின் தலையில் அப்படித்தான் Зоркий என்று பொறித்திருக்கும். அதை 3opkuu என்று எழுதி, ஜப்பான் சாமான் என்று விளம்பரம் செய்தவரும் உண்டு. ஸோர்க்கி என்றால் கூர்ந்த பார்வை உள்ளவன் என்று அர்த்தம். சிரிப்பதா வேண்டாமா?

ФЭД என்ற காமிராவில் இந்தத் தொல்லை குறைவு. மூன்று எழுத்துமே வேற்று முகம். பார்த்ததுமே நமக்குத் தெரியாத எழுத்து என்று புரிந்து, தெரிந்தவரைக் கேட்போம்.

படத்தைத் திருப்பி எடுத்திருக்கிறார்களா என்பதையும் பார்க்க வேண்டும். முன்பக்கக் காமிராவில் எடுத்தால் சில போன்கள் இடவலம் மாற்றிவிடும். அப்போது И நேரான N ஆகவும் Я நேரான R ஆகவும் தெரியும். கடிகாரத்தில் இதைக் கண்டுபிடிப்பது சுலபம். சாவி கொடுக்கும் திருகு சாதாரணமாக மூன்று மணிப் பக்கம் இருக்கும். படத்தில் அது ஒன்பது மணிப் பக்கம் இருந்தால் எழுத்தைப் படிக்க ஆரம்பிக்காதீர்கள்.

கம்ப்யூட்டரில் இன்னொரு சிக்கல். பார்வைக்கு ஒன்றாக இருந்தாலும் அதற்கு இவை வேறு வேறு எழுத்து. லத்தீன் A-க்கு U+0041 என்று எண்; சிரிலிக் А-க்கு U+0410. ஆகவே BOCTOK என்று இங்கிலீஷ் எழுத்தில் தட்டினால், ВОСТОК என்று ரஷ்ய எழுத்தில் எழுதி வைத்திருப்பது தேடலில் வராமல் போகலாம். நம்மைப் போலவே தப்பாகப் படித்து எழுதியவர்கள் பக்கம் முதலில் வரும். அதைப் பார்த்து, ஓகோ இப்படி ஒரு கம்பெனி இருக்கிறது என்று நம்புவோம். நம் தமிழிலேயே இது உண்டு. ஔவையார் என்பதை ஒ போட்டு ள போட்டு ஒளவையார் என்று தட்டியவர்கள் எத்தனை பேர்! பார்த்தால் ஒன்றுதான், தேடினால் கிடைக்காது. பழைய பத்திரங்களில் எ என்றிருப்பது எழுத்தா, ஏழு என்ற இலக்கமா என்று விழிப்பதும் இதே ஜாதி.

கையில் ஒரு சொல் இருக்கிறது, அது எந்த எழுத்து என்று தெரியவில்லை என்றால் ஒரு உபாயம். அதைச் சின்ன எழுத்தாக மாற்றிப் பாருங்கள்; எழுதும் செயலிகள் பலவற்றில் அந்த வசதி இருக்கிறது. லத்தீன் BOCTOK, boctok ஆகும். சிரிலிக் ВОСТОК, восток ஆகும். В, К, М, Н, Т ஐந்தும் சின்ன எழுத்தில் வேடம் கலைந்துவிடும், ஏனென்றால் சிரிலிக்கில் இவை பெரிய எழுத்தின் குட்டி உருவமாகவே இருக்கும்; லத்தீனில் b, h, t என்று வேறு உருவம். ஆனால் Р, С, Х, А, Е, О சின்ன எழுத்திலும் ஏமாற்றும். СССР-ஐச் சின்னதாக்கினால் сссп என்றா வருகிறது? இல்லை, ссср. கண்ணுக்கு cccp மாதிரியேதான். அங்கே இந்த உபாயம் செல்லாது.

கடைசியாக, நேர் எதிரான ஏமாற்று ஒன்றும் சந்தையில் உண்டு. ரஷ்யச் சாமான் என்று தோற்றம் காட்டுவதற்காக R இருக்க வேண்டிய இடத்தில் Я போடுவது. டெட்ரிஸ் என்ற கம்ப்யூட்டர் விளையாட்டின் அமெரிக்கப் பெட்டிகளில் TETЯIS என்று அச்சிட்டிருந்தார்கள். விளையாட்டு மாஸ்கோவில் பிறந்தது உண்மை. அந்த எழுத்துக்கூட்டல் மட்டும் அங்கே பிறந்ததல்ல. Я என்பது "யா". ரஷ்யர் ஒருவர் அதைப் படித்தால் "டெட்யா" வரைக்கும் வந்து, அடுத்து வரும் இரண்டு எழுத்தும் தங்கள் எழுத்தே இல்லை என்று நின்றுவிடுவார். ஆகவே யாராவது உங்களிடம் ЯAKETA என்று எழுதிய பழைய சோவியத் கடிகாரத்தைக் கொண்டுவந்து நீட்டினால், அதற்கு மட்டும் இருநூறு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.